பதினாறு பிக்சல் கணக்கு

பழைய ஆல்பத்தில் இருக்கும் குழுப்படம் ஒன்றை உறவினர் யாரோ கைபேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆல்பம் எங்கோ வேறு ஊரில் இருக்கிறது, அல்லது செல்லரித்துப் போய்விட்டது. நம் கையில் இருப்பது அந்த ஒரு ஜேபெக் கோப்புதான். அதில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாட்டியை மட்டும் தனியே எடுத்துச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். படத்தைத் திறந்து, மூலைகளை இழுத்து வெட்டி, சேமித்துவிடுகிறோம். வேண்டாத பகுதியைத்தானே எறிந்தோம், பாட்டியின் முகத்தைத் தொடவே இல்லையே என்று தோன்றும். ஆனால் தொட்டாகிவிட்டது. மிச்சமிருக்கும் படத்தின் ஒவ்வொரு பகுதியும் கலைக்கப்பட்டு, புதிதாகக் கணக்கிடப்பட்டு, மறுபடியும் தோராயமாக்கப்பட்டுத்தான் புதிய கோப்புக்குள் போயிருக்கிறது.

இது தவிர்க்கக்கூடிய சேதம். மீதமிருக்கும் பகுதியில் ஓர் எண்கூட மாறாமல் ஜேபெக் படத்தை வெட்ட முடியும். அப்படி வெட்ட வேண்டுமானால், வெட்டு தொடங்கும் இடத்தை நம் கண் மட்டும் முடிவு செய்ய முடியாது. கோப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் கட்டங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? ஜேபெக் கோப்பு நாம் பார்க்கும் பிக்சல்களை அப்படியே வைத்திருப்பதில்லை. படத்தை முதலில் அகலம் எட்டு, உயரம் எட்டு பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் 64 பிக்சல்கள். அவற்றின் வெளிச்ச அளவுகள் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. முதல் எண் அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். மற்ற 63 எண்களும் அந்தச் சதுரத்துக்குள் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்பவை: சில எண்கள் மெதுவான ஏற்ற இறக்கத்தை, சில எண்கள் முடியிழை, சேலைக் கரை போன்ற நுண்ணிய மாற்றத்தை. பெங்களூரில் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவரோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த மாற்றத்துக்கு அடிப்படை. 1992-இல் ஜேபெக் தரநிலை உருவானபோது அதன் இதயமாக அமைந்தது அவர்களுடைய கணக்குதான். உலகில் எடுக்கப்படும் புகைப்படங்களில் பெரும்பகுதி இந்த மூவரின் கணக்கு வழியாகப் போய்வருகிறது என்பதை இன்னும் பலர் அறிய வேண்டும்.

இந்த மாற்றத்தால் மட்டும் கோப்பு சிறிதாவதில்லை. அடுத்த படியில்தான் இழப்பு நடக்கிறது. 64 எண்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுஎண் உண்டு. அந்த எண்ணை அதன் வகுஎண்ணால் வகுத்து, வரும் விடையை முழு எண்ணாக்கி, அந்த முழு எண்ணை மட்டும் கோப்பு சேமிக்கிறது. படத்தைத் திறக்கும்போது அதே வகுஎண்ணால் பெருக்கி, பழைய எண்ணைத் தோராயமாக மீட்கிறது. வகுஎண்கள் 64-ம் ஓர் அட்டவணையாகக் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சேமிக்கும்போது நாம் நகர்த்தும் ‘தரம்’ என்ற பட்டை உண்மையில் செய்வது இந்த அட்டவணையைத் தேர்ந்தெடுப்பதுதான். தரம் குறைந்தால் வகுஎண்கள் பெரிதாகும். தரநிலை ஆவணத்தில் மாதிரியாகக் கொடுத்திருக்கும் வெளிச்ச அட்டவணை 16 என்ற எண்ணில் தொடங்குகிறது, மிக நுண்ணிய மாற்றத்துக்கான கடைசி மூலையில் 99 இருக்கிறது. நம் கண் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதால் அந்த மூலை தாராளமாக நசுக்கப்படுகிறது.

ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பின்தொடர்வோம். ஒரு சதுரத்தில் அதன் மதிப்பு 37, வகுஎண் 10. வகுத்தால் 3.7, முழு எண்ணாக்கினால் 4. திறக்கும்போது 4-ஐ 10-ஆல் பெருக்கி 40 கிடைக்கிறது. மூன்று அளவு பிழை, அது இனித் திரும்பாது. பக்கத்திலேயே 4 என்று ஒரு சிறிய எண் இருந்தால், அதை 10-ஆல் வகுத்து முழுமையாக்கும்போது பூஜ்யமாகிவிடும். நெற்றியில் இருந்த ஒரு மெல்லிய சுருக்கம் அதோடு போய்விட்டது. பிறகு 100 தரத்தில் சேமித்தாலும் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். கோப்பு மட்டும் பெருக்கும்.

இப்போது அதே படத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல், அதே அட்டவணையோடு மறுபடி சேமித்தால் என்ன ஆகும்? 40-ஐ 10-ஆல் வகுத்தால் சரியாக 4. மறுபடி 40. பிழை கூடவில்லை. ‘ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்’ என்று பரவலாகச் சொல்லப்படுவது இந்த இடத்தில் முழு உண்மையாக இல்லை. பிக்சல்களாக விரிக்கும்போது 0 முதல் 255 வரையான முழு எண்களாக்க வேண்டியிருப்பதாலும், நிறங்களை மாற்றிக் கணக்கிடுவதாலும் சிறு சறுக்கல்கள் வரும். முதல் சில மறுசேமிப்புகளில் அங்கங்கே சில எண்கள் ஒரு படி மாறும். அதன்பின் படம் பெரும்பாலும் ஒரு நிலையில் நின்றுவிடும். படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, நகலெடுத்து வேறு இடத்தில் வைப்பதாலோ ஒன்றுமே ஆகாது. அங்கே கணக்கே நடப்பதில்லை.

தேய்மானம் வேகமெடுப்பது அட்டவணை மாறும்போது. நம் 40-ஐ வேறொரு மென்பொருள் 7 என்ற வகுஎண்ணோடு சேமிக்கிறது என்று வையுங்கள். 40-ஐ 7-ஆல் வகுத்தால் 5.7, அதாவது 6; திரும்ப வருவது 42. அடுத்தவர் அனுப்பும் செயலி 11-ஐப் பயன்படுத்துகிறது. 42-ஐ 11-ஆல் வகுத்தால் 3.8, அதாவது 4. திரும்ப வருவது 44. முதலில் இருந்த 37 மூன்றே கைமாற்றத்தில் 44 ஆகிவிட்டது. நடுவில் வந்த 7 முதலாவதைவிட உயர்ந்த தரம் என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த தரத்தில் சேமித்தும் பிழை குறையவில்லை, கூடியது. ஒரு மென்பொருளின் 80-ம் இன்னொன்றின் 80-ம் ஒரே அட்டவணை என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சிலவற்றில் அளவுகோல் 12 வரை, சிலவற்றில் 100 வரை. ஆகவே கைமாறும் படத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் புது அட்டவணைதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வதே சரி.

அட்டவணை மாறாவிட்டாலும் படத்தைக் கெடுக்க இன்னொரு வழி இருக்கிறது: கட்டங்களை நகர்த்துவது. சாதாரண வெட்டு செய்வது இதைத்தான். 725-ஆவது பிக்சலிலிருந்து வெட்டுகிறோம் என்றால், 725-ஐ எட்டால் வகுக்கும்போது மீதி 5. புதிய படத்தின் முதல் சதுரத்தில் பழைய சதுரம் ஒன்றின் கடைசி மூன்று நெடுவரிசைகளும், அடுத்த சதுரத்தின் முதல் ஐந்து நெடுவரிசைகளும் வந்து சேரும். மேலிருந்து கீழாகவும் இப்படியே. ஒவ்வொரு புதிய சதுரமும் நான்கு பழைய சதுரங்களின் துண்டுகளால் ஆனது. பழைய கட்டத்தில் எல்லா எண்களும் தத்தம் வகுஎண்ணின் சரியான மடங்காக இருந்தன. 40 பத்தின் மடங்காக இருந்ததுபோல. புதிய கட்டத்தில் அந்த ஒழுங்கு இல்லை. எல்லா எண்களும் முதன்முறை போலவே மறுபடி வகுபட்டு, மறுபடி பிழை ஏறுகிறது. போதாக்குறைக்கு, பழைய சதுரங்களின் ஓரத்தில் இருந்த மெல்லிய வெளிச்ச வேறுபாடு இப்போது புதிய சதுரத்தின் நடுவில் ஒரு கோடாக நிற்கிறது. கணக்குக்கு அது சேலைக் கரையா, பழைய பிழையா என்று தெரியாது. இரண்டையும் படத்தின் விவரமாகவே நினைத்துப் பதிவு செய்யும்.

இந்தச் சேதத்தைக் கண்ணால் பார்க்கலாம். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, வெளிர் வானமோ வெறும் சுவரோ இருக்கும் பகுதியைப் பாருங்கள். எட்டு பிக்சல் இடைவெளியில் மங்கலான சதுரக் கோடுகள் தெரிந்தால் நன்றாகவே நசுக்கப்பட்ட படம் அது. அந்தக் கோடுகள் இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று சில பிக்சல் விலகி இருந்தால், நடுவில் யாரோ கட்டம் பாராமல் வெட்டிச் சேமித்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை எழுத்துகளைச் சுற்றியும், இருண்ட முடி வெளிச்சமான சுவரைச் சந்திக்கும் இடத்திலும் கொசு மொய்த்ததுபோலப் புள்ளிகள் சிதறியிருப்பதும் இதன் அடையாளம். படம் திருத்தப்பட்டதா என்று ஆராயும் தடயவியலார் இதே இரட்டைக் கட்டங்களைத்தான் கணித முறையில் தேடுகிறார்கள்.

சேதமில்லாமல் வெட்டுவதன் அடிப்படை இப்போது தெளிவாகும். பிக்சல்களாக விரிக்கவே கூடாது. கோப்பில் இருக்கும் முழு எண்களை, அந்த 4-ஐ 4 ஆகவே, சதுரம் சதுரமாக எடுத்துப் புதிய கோப்பில் வைக்க வேண்டும். வகுத்தல், பெருக்கல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சதுரத்தின் சராசரி எண்ணும் முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதாகத்தான் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதனால் வெட்டியபின் அந்த வேறுபாடுகளை மட்டும் புதிதாக எழுத வேண்டும். எழுதும் விதம் மாறுகிறது, மதிப்பு மாறுவதில்லை.

அப்படியானால் எட்டின் மடங்கில் தொடங்கி வெட்டினால் போதுமா என்றால், பெரும்பாலும் போதாது. நம் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைச் சற்று மொண்ணையாகவும் பார்க்கிறது. அதனால் பல கேமராக்களும் கைபேசிகளும் நிறத் தகவலை இரு திசையிலும் பாதியாகச் சுருக்கியே சேமிக்கின்றன. நிறத்துக்கான ஒரு சதுரம் படத்தில் 16-க்கு 16 பிக்சல் பரப்பை மூடும். அதே பரப்பில் வெளிச்சத்துக்கு நான்கு சதுரங்கள். இரண்டு நிறச் சதுரங்களையும் சேர்த்து இந்த ஆறு சதுரங்களின் தொகுப்புதான் பிரிக்க முடியாத அலகு. நடுவில் வெட்டினால் நிறச் சதுரம் இரண்டாகப் பிளக்க வேண்டிவரும். நிறத்தைச் சுருக்காத படத்தில் அலகு 8-க்கு 8. அகலத்தில் மட்டும் சுருக்கிய படத்தில் 16-க்கு 8. நம் படம் எந்த வகை என்று இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளிடம் இப்படிக் கேட்கலாம்:

```
identify -format "%[jpeg:sampling-factor]\n" patti.jpg
```

விடையாக `2x2,1x1,1x1` என்று வந்தால் அலகு 16-க்கு 16. `1x1,1x1,1x1` என்றால் 8-க்கு 8.

நம் படம் 4000-க்கு 3000 பிக்சல், நிறம் சுருக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி இருக்கும் பகுதி இடமிருந்து 725-ஆவது பிக்சலிலும் மேலிருந்து 410-ஆவது பிக்சலிலும் தொடங்குகிறது. அகலம் 2000, உயரம் 1500 வேண்டும். இதற்கு ஜேபெக்ட்ரான் என்ற சிறு கருவி இருக்கிறது. ஜேபெக்குக்கான இலவச மென்பொருளை முதலில் எழுதித் தந்த இண்டிபெண்டன்ட் ஜேபெக் குரூப்பின் தொகுப்பில் வருவது. லினக்ஸ் கணினிகளில் எளிதாக நிறுவலாம்.

```
jpegtran -copy all -crop 2000x1500+725+410 -outfile vettiyathu.jpg patti.jpg
```

வரும் படத்தின் அளவு 2000-க்கு 1500 ஆக இருக்காது, 2005-க்கு 1510 ஆக இருக்கும். கருவி தவறு செய்யவில்லை. 725-க்கு இடப்பக்கம் உள்ள மிக அருகிலான பதினாறின் மடங்கு 720, 410-க்கு மேலே உள்ளது 400. நாம் கேட்ட மூலை அலகின் நடுவில் விழுந்ததால், மூலையை 720, 400 என்ற இடத்துக்கு நகர்த்தி, வலது கீழ் மூலையை நாம் கேட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டது. இந்த நகர்த்தலுக்கு எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. அதிகபட்சம் பதினைந்து பிக்சல்தான் கூடும். 4000 பிக்சல் அகலப் படத்தில் அது ஒரு விரல் நக ஓரம்கூட ஆகாது, சேதமில்லாத முகத்துக்கு அந்த விலை கொடுக்கலாம்.

வலப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் ஏன் இந்தக் கட்டுப்பாடு இல்லை? ஜேபெக் படத்தின் அளவு கோப்பின் தலைப்பகுதியில் தனியே எழுதப்பட்டிருக்கிறது. கடைசி அலகு முழுதாக இருந்தாலும், தலைப்பில் சொன்ன அளவோடு நிறுத்திக்காட்டுவது திறக்கும் மென்பொருளின் கடமை. நம் 3000 பிக்சல் உயரமும் பதினாறால் சரியாக வகுபடாது. அசல் படத்திலேயே கடைசி வரிசை அலகுகளில் பாதி மறைந்துதான் இருக்கிறது. வெட்டிய 2005 பிக்சல் அகலத்துக்கு 126 அலகுகள் தேவை, அதாவது 2016 பிக்சல். கூடுதலான பதினொரு நெடுவரிசைகள் கோப்புக்குள் இருக்கின்றன, திரையில் தெரிவதில்லை.

அந்தப் பதினொரு வரிசையால் ஆபத்தில்லை. ஆனால் வேறொன்று ஒளிந்திருக்கிறது. கேமராவும் கைபேசியும் கோப்பின் எக்ஸிஃப் பகுதியில் முழுப் படத்தின் சிறு நகல் ஒன்றை வைப்பதுண்டு. மேலே `-copy all` என்று சொன்னதால் அந்தச் சிறுபடமும் வெட்டப்படாமல் அப்படியே வந்துவிடும். ஒருவரை நீக்குவதற்காகவே வெட்டிய படமென்றால் நீக்கப்பட்டவர் சிறுபடத்தில் இன்னும் நின்றுகொண்டிருப்பார், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே இருக்கலாம். வெளியே அனுப்பும் படத்துக்கு எக்ஸிஃப்டூல் கொண்டு சிறுபடத்தை மட்டும் அழித்துவிடலாம்:

```
exiftool -ThumbnailImage= vettiyathu.jpg
```

எல்லாத் தகவலும் வேண்டாமென்று `-copy none` போட்டால் இன்னொரு சிக்கல் வரும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த கைபேசிப் படம் பல சமயம் கோப்புக்குள் படுத்த நிலையிலேயே இருக்கும். ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு எக்ஸிஃபில் இருப்பதால்தான் நமக்கு நிமிர்ந்து தெரிகிறது. குறிப்பை எறிந்தால் பாட்டி படுத்துவிடுவார். இதே காரணத்தால், நிமிர்ந்த படத்தில் அளந்த 725, 410 என்ற எண்கள் கோப்புக்குள் வேறு இடத்தைக் குறிக்கக்கூடும். வெட்டியபின் எதிர்பாராத பகுதி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கட்டளை எழுதப் பழகாதவர்களுக்கு, விண்டோஸில் இர்ஃபான்வியூ மென்பொருளின் கூடுதல் இணைப்புகளை நிறுவினால் இழப்பில்லாத வெட்டு அதிலேயே கிடைக்கும். உள்ளே நடப்பது இதே கணக்குதான்.

வெட்டு உண்மையிலேயே சேதமின்றி நடந்ததா என்று சரிபார்க்க விரும்புபவர்கள் இரண்டு படங்களையும் பிக்சல்களாக விரித்து ஒப்பிட்டால், உள்ளே எல்லாம் ஒத்துப்போகும். ஓரத்து வரிசையில் மட்டும் நிறம் மயிரிழை வேறுபடலாம். சுருக்கிய நிறத்தை விரிக்கும்போது மென்பொருள் பக்கத்து நிறங்களையும் கலந்து கணக்கிடும். ஓரத்தில் அந்தப் பக்கத்து நிறம் இப்போது இல்லை. கோப்பில் உள்ள எண்கள் மாறவில்லை, விரித்துக் காட்டும் விதம்தான் மாறியது.

இந்த முறையால் முடியாதவையும் உண்டு. வெட்டலாம், தொண்ணூறு பாகை திருப்பலாம், கண்ணாடிபோல் இடவலமாக்கலாம், நிறத் தகவலை எறிந்து கறுப்பு வெள்ளையாக்கலாம். சாய்ந்த படத்தை இரண்டு பாகை நிமிர்த்தவோ, வெளிச்சம் கூட்டவோ, அளவைச் சுருக்கவோ முடியாது. அதற்கெல்லாம் பிக்சல்களாக விரித்தே ஆக வேண்டும். அப்படி விரிக்க நேர்ந்தால் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. பாதியில் நிறுத்தி நாளை தொடர வேண்டுமென்றால் இடைக்கால நகலை பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் வைக்க வேண்டும். இரண்டிலும் வகுத்து முழுமையாக்கும் வேலை நடப்பதில்லை. கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக்காக்கினால் போதும்.

சிறு பகுதியை மட்டும் திருத்தினால், உதாரணமாக ஒரு கறையை மட்டும் நீக்கினால், கிம்ப் மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது `Use quality settings from original image` என்ற பெட்டியைத் தேர்வு செய்யுங்கள். பழைய அட்டவணையே திரும்ப வரும். கட்டமும் நகராததால், கறை இருந்த சதுரங்கள் தவிர மற்றவை ஏறக்குறைய அப்படியே நிற்கும். 40 மறுபடி 40 ஆகும். கிம்பிலேயே வெட்டுவதாக இருந்தாலும் தொடக்க மூலையைப் பதினாறின் மடங்கில் வைத்து, இதே பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் சேதம் மிகக் குறைவு. அனுப்பும்போதும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது தன் அட்டவணைப்படி மறுபடி நசுக்கும், ஆவணமாக அனுப்பினால் கோப்பு வந்தபடியே போய்ச் சேரும்.